நம்பர் பிளேட்டை மாற்றித்தான் விளம்பரம் போட்டேன், ஆனாலும் நம்பர் வெளியே போய்விட்டது

காரை விற்க விளம்பரம் போடப் போகிறவர்களும், படங்களை வேறொருவரிடம் கொடுத்து நம்பர் பிளேட்டை மாற்றி வாங்குகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் காரை விற்க முடிவு செய்தபோது, நம்பர் தெரியும்படி படம் போடக்கூடாது என்பது எனக்கு முன்பே தெரியும். விளம்பரத்தில் என்ன மாடல், எந்த வருடம், என்ன நிறம் என்று எல்லாமே இருக்கும். நம்பரும் கூடவே இருந்தால், அதே மாடல், அதே நிறத்தில் திருட்டு வண்டி வைத்திருப்பவனுக்கு வேலை முடிந்தது. அந்த நம்பரில் ஒரு பிளேட் செய்து மாட்டிக்கொள்வான். வழியில் யாராவது நிறுத்தி நம்பரைச் சரிபார்த்தாலும் மாடல் பொருந்தும், நிறம் பொருந்தும், வரி கட்டியிருக்கும். வண்டி மேல் எந்தப் புகாரும் இருக்காது. அபராதம் மட்டும் உண்மையான உரிமையாளர் வீட்டுக்கு வந்து சேரும்.

அதனால் வாகன விளம்பரங்களுக்குப் படம் எடுத்து, சரிசெய்து தருகிற ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். பிளேட் இருக்கும் இடத்தில் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய பொதுவான பிளேட் ஒன்றை ஒட்டித் தருவதாகச் சொன்னார். 14 படங்கள் தந்தார். முன்பக்கம் தெரிகிற படங்கள் மூன்று, பின்பக்கம் தெரிகிறவை இரண்டு. ஐந்திலும் பிளேட் அழகாக மாறியிருந்தது. பம்பரின் நிழல்கூட அந்த ஒட்டுப் பிளேட்டின் மேல் விழுந்திருந்தது. நிஜமாகவே மாட்டிப் படம் எடுத்தது போலத்தான் இருந்தது. நான் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டு விளம்பரத்தைப் போட்டேன்.

மூன்றாவது வாரத்தில் முதல் அபராத நோட்டீஸ் வந்தது. நான் வாழ்நாளில் போகாத ஒரு சாலை, அதிவேகம். நான்கு நாள் கழித்து இன்னொன்று, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு. இரண்டாவது நோட்டீஸில் குறிப்பிட்ட நேரத்தில் என் கார் வீட்டு வாசலில் நின்றிருந்தது, ஒருவர் அதைப் பார்க்க வந்திருந்தார்.

என் முதல் எண்ணம், பார்க்க வந்தவர்களில் யாரோ நம்பரைக் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்பதுதான். வந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் முதல் நோட்டீஸுக்குப் பிறகு வந்தவர். இன்னொருவர் குடும்பத்தோடு வந்த பெரியவர், அவரைச் சந்தேகப்பட்டதற்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அக்கா மகன் பட எடிட்டிங் வேலை பார்க்கிறான். அவனிடம் விளம்பரப் படங்களைக் காட்டினேன். ஐந்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, இந்தப் பிளேட் முழுசா மூடலையோன்னு தோணுது” என்றான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுத்தமான வெள்ளை, அதில் சாம்பல் நிறத்தில் ‘விற்பனைக்கு’, அவ்வளவுதான். அவன் வெளிச்சத்தைக் குறைத்தான், கான்ட்ராஸ்டைக் கடைசிவரை இழுத்தான். அந்த வெள்ளைக்குள்ளிருந்து என் வண்டியின் நம்பர் மெல்ல மேலே வந்தது. முதலில் இரண்டு எழுத்து, அப்புறம் முழுவதும். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காரணத்தை அவன் விளக்கினான். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டும்போது, மேலே உள்ளது எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று ஒரு அளவு வைக்கலாம். எடிட்டிங் செயலிகளில் அதை ‘ஒபாசிட்டி’ என்பார்கள். 100 என்றால் அடியில் இருப்பது கொஞ்சமும் தெரியாது. 95 என்றால் அடியில் இருப்பதில் 5 சதவீதம் மேலே கசியும். அந்த ஆள் 95 வைத்திருக்கிறார். பம்பரின் நிழல், பிளேட்டின் விளிம்பு, திருகாணி இதெல்லாம் லேசாகத் தெரிந்தால் ஒட்டுப் பிளேட் இயல்பாக இருக்கும் என்பதற்காகச் செய்தது. நிழலோடு சேர்ந்து என் நம்பரும் கசிந்திருக்கிறது.

5 சதவீதம் என்றால் எவ்வளவு என்பதை எண்ணிலேயே சொல்கிறேன். படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. 95 அடர்த்தியில் வெள்ளைப் பிளேட்டை ஒட்டினால், அடியில் வெள்ளை இருந்த இடம் 255 ஆகவே இருக்கும். அடியில் கறுப்பு எழுத்து இருந்த இடம் 242 ஆகும். வித்தியாசம் 13 தான். உண்மையான படத்தில் கறுப்பு முழுக் கறுப்பாகவும் வெள்ளை முழு வெள்ளையாகவும் இருக்காது என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். போன் திரையில், மேலே வேறு எழுத்தும் நிழலும் இருக்கும்போது கண் அதைப் பிடிப்பது கஷ்டம். செயலிக்கு அது ஒரு தடையே இல்லை. விளம்பரத்தில் ஏற்றும்போது படம் சுருக்கப்பட்டாலும், பிளேட் எழுத்துகள் தடிமனானவை என்பதால் அழியாமல் நின்றிருக்கின்றன.

கணினியில் `ImageMagick` வைத்திருப்பவர்கள் ஒரே வரியில் இதைச் சோதிக்கலாம்:

```
magick car.jpg -level 90%,100% check.jpg
```

இது மிக வெளிச்சமான கடைசிப் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, கறுப்பிலிருந்து வெள்ளை வரை இழுத்து விரிக்கும். 255 வெள்ளையாகவே இருக்கும். 242 பாதிச் சாம்பலாக மாறிவிடும். மறைத்த இடத்தில் எழுத்து இருந்தால் பளிச்சென்று தெரியும். ஒட்டிய பிளேட் கறுப்பு நிறம் என்றால் எதிர்ப்பக்கம், அதாவது `-level 0%,10%` என்று கொடுத்துப் பாருங்கள். கணினி இல்லாதவர்கள் போனிலேயே வெளிச்சம், கான்ட்ராஸ்ட் இரண்டையும் இரண்டு பக்கமும் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் போதும். போனில் இருக்கிற ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தீட்டி மறைப்பவர்களுக்கும் இதே கதிதான். அந்தப் பேனா மை அரைகுறையாகத்தான் மறைக்கும், சில முறை தீட்டி முழுக் கறுப்பாகத் தெரிந்தாலும் அடியில் மிச்சம் இருக்கலாம்.

படத்தைச் செய்தவரிடம் பேசினேன். “எல்லோருக்கும் இப்படித்தான் செய்து கொடுக்கிறேன், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை” என்றார். வெளிப்பட்ட நம்பரை அவர் போனுக்கே அனுப்பினேன். “யாராவது வேண்டுமென்றே தோண்டினால் நான் என்ன செய்வது” என்று கேட்டார். வேண்டுமென்றே தோண்டுகிறவனிடமிருந்து மறைக்கத்தானே பணம் கொடுத்தேன்! படங்களைத் திருத்தித் தரவும் இல்லை, பணத்தைத் திருப்பவும் இல்லை. அவர் அந்த 95 அளவைத் தன் மாதிரிக் கோப்பிலேயே சேமித்து வைத்திருந்தார் என்பது பேச்சில் தெரிந்தது. அப்படியென்றால் அவர் கையால் போன எல்லா வண்டிப் படங்களிலும் நம்பர் கசிந்துகொண்டிருக்கிறது. என் கோபத்தில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

நம்பர் இந்தப் படத்திலிருந்துதான் போனது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கிற அளவுக்கு என்னிடம் சான்று இல்லை. கார் தினமும் தெருவில் ஓடுகிறது, யாரும் பார்த்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் ஒன்றும் நடக்காமல், விளம்பரம் வந்த மூன்றாம் வாரத்தில், அதே மாடலில் அதே நிறத்தில் ஒரு வண்டி என் நம்பரோடு ஓட ஆரம்பித்ததை என்னால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அபராதத்தை எதிர்த்தபோது எனக்குக் கைகொடுத்தது, எடிட் செய்யாத மூலப் படங்கள். நல்லவேளை, அவற்றையும் அன்றே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். நோட்டீஸில் இருந்த கேமரா படத்தையும் என் மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் காரின் பின் பம்பரில் வலது மூலையில் கையகல நசுங்கல் உண்டு, அந்த வண்டியில் இல்லை. என்னுடையது சாதாரண இரும்பு வீல், அதில் அலாய் வீல். பின் கண்ணாடியில் என் மகள் ஒட்டிய ஸ்டிக்கர் அதில் இல்லை. மூலப் படத்தின் கோப்பில் எடுத்த தேதி பதிவாகியிருந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தப் புகாரின் நகலையும் சேர்த்து அனுப்பினேன். முதல் இரண்டு அபராதங்களும் ரத்தாகின.

விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் படம் எடுத்தோம். இந்த முறை எடிட்டிங்கை நம்பவில்லை. கெட்டி அட்டையைப் பிளேட்டைவிட நான்கு புறமும் ஒரு விரல் அளவு பெரிதாக வெட்டி, ‘விற்பனைக்கு’ என்று எழுதி, பிளேட் மேலேயே டேப்பால் ஒட்டிவிட்டுப் படம் எடுத்தேன். கேமராவே நம்பரைப் பார்க்கவில்லை என்றால் கசிவதற்கு எதுவும் இல்லை. வண்டி வீட்டு எல்லைக்குள் நின்றபோது மட்டும் அட்டை இருந்தது, எடுத்து முடித்ததும் கழற்றிவிட்டேன். அட்டையோடு சாலையில் இறங்கினால் அதுவே தனி வழக்காகிவிடும். அட்டையில் நம்பர் மாதிரி எதையும் எழுதாதீர்கள். நீங்கள் கற்பனையாகப் போடும் நம்பர் வேறு யாருடைய வண்டிக்காவது இருக்கலாம். வாங்க வருபவர் அதைத் தேடிப் பார்த்து வேறு வண்டி வந்தால் உங்களைத்தான் மோசடிக்காரர் என்று நினைப்பார்.

புதிய படங்களைப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பக்கவாட்டுப் படம் ஒன்றில், பின்னால் இருந்த கண்ணாடிக் கதவில் பின் பிளேட் இடவலம் மாறித் தெரிந்தது. நான் முன் பிளேட்டில் மட்டும் அட்டை வைத்துக்கொண்டு எடுத்த படம் அது. எந்தப் பக்கம் எடுத்தாலும் இரண்டு பிளேட்டிலும் அட்டை இருக்கட்டும். சில வண்டிகளில் கதவுக் கண்ணாடியின் மூலையில் பதிவு நம்பரைச் செதுக்கியிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

உண்மையிலேயே வாங்க நினைப்பவருக்கு நம்பர் வேண்டும். அது இல்லாமல் வண்டியின் பழைய வரலாற்றை அவர் சரிபார்க்க முடியாது. போனில் பேசி, நேரில் பார்க்க வருவது உறுதியான பிறகு அவருக்கு மட்டும் கொடுக்கிறேன். அப்படிக் கேட்டு வாங்கியவர் ஒருவர்தான் இப்போது முன்பணம் கொடுத்திருக்கிறார். அபராத விவகாரத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லி, புகார் நகலையும் கொடுத்தேன். நேற்று மூன்றாவது நோட்டீஸ் வந்திருக்கிறது. அதிலும் அலாய் வீல்தான். அது ரத்தான பிறகு பெயர் மாற்றம் செய்துகொள்ளலாம் என்று அவர் காத்திருக்கிறார்.