எட்டு மணி நேரமா, மூன்று மணி நேரமா? டென்ச்சர் பேஸில் துளையும் கோணலும் வரும் இடங்கள்

கீழ்த்தாடையின் ஈறுமேடு நன்றாகத் தேய்ந்துபோன ஒருவருக்கு முழு டென்ச்சர் செய்வதாக வைத்துக்கொள்வோம். மேடு தேய்ந்த அளவுக்கு அக்ரிலிக் நிரம்ப வேண்டும், அதனால் கடைவாய்ப் பற்களுக்கு அடியில், பற்களைத் தாங்கும் பேஸ் தடிமனாகிவிடும். முன்பக்க விளிம்போ மெல்லிதாக இருக்கும். அக்ரிலிக்கை இறுகவைக்கும் க்யூரிங் முறைகளை ஒப்பிட இதைவிட நல்ல கேஸ் கிடையாது. அச்சைத் தாங்கும் பெட்டியான ஒரே பிளாஸ்கில் தடிமனும் மெல்லியதும் சேர்ந்திருக்கும்போதுதான் ஒவ்வொரு முறையின் பலவீனமும் வெளியே தெரியும்.

முதலில், அவசரத்தில் சிலர் செய்வது: அக்ரிலிக் மாவை அடைத்துப் பேக்கிங் முடித்த பிளாஸ்கை நேரடியாகக் கொதிநீரில் போடுவது. ஹீட் க்யூர் பொடியில் இருக்கும் பென்சாயில் பெராக்சைடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உடையத் தொடங்கி, பாலிமரைசேஷனை ஆரம்பித்து வைக்கிறது. அந்த வினையே வெப்பத்தை வெளியிடும். விளிம்பில் பிறக்கும் வெப்பம் பக்கத்திலுள்ள பிளாஸ்டர் வழியாகவும் பிளாஸ்கின் உலோகம் வழியாகவும் ஓரளவு வெளியேறிவிடுகிறது. கடைவாய்க்கு அடியிலுள்ள தடித்த பகுதிக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் அக்ரிலிக்கே வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளியே 100 டிகிரி தண்ணீர், உள்ளே வினையின் சொந்தச் சூடு. பொடியோடு கலக்கும் திரவமான மோனோமர் கொதிப்பது கிட்டத்தட்ட 100.8 டிகிரியில். இன்னும் வினைபுரியாத மோனோமர் அங்கேயே ஆவியாகிக் குமிழாகிறது. சுற்றிலும் பிசின் இறுகிவிடுவதால் குமிழ் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

இந்தத் துளைகளை அடையாளம் காண்பது எளிது. உருண்டையாக இருக்கும், தடித்த பகுதியின் ஆழத்தில் இருக்கும், மேல்தோல் சுத்தமாக இருக்கும். டிரிம் செய்து மெருகேற்றும்போது கடைவாய்ப் பற்களின் நாக்குப் பக்கத்தில் திடீரென்று ஓட்டைகள் தென்பட்டால், அது கொதித்த மோனோமர்தான். மெல்லிய விளிம்பில் இவை வராது.

அடுத்து மூன்று மணி நேர முறை. 74 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம், அப்புறம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம். இதன் தந்திரம் முதல் இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான மோனோமர் அந்த மிதமான சூட்டிலேயே தீர்ந்துவிடும். பின்னால் கொதிக்கவைக்கும்போது வினைக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான், அதனால் பெரிய வெப்பம் எழாது. அந்தக் கடைசிக் கொதிப்பு மெல்லிய பகுதிக்குத்தான் அதிகம் தேவை: வினையின் சொந்தச் சூடு அங்கே தங்குவதில்லை என்பதால் எஞ்சிய மோனோமர் அங்கே கூடுதலாக இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாமல் அடுப்பில் பாத்திரத்தை வைத்து ‘சூடு சரியாத்தான் இருக்கும்’ என்று நம்பினால் இந்தத் தந்திரம் எதுவும் பலிக்காது. முதல் முறையின் துளைகளே திரும்ப வரும்.

எட்டு மணி நேர முறையில் 74 டிகிரியிலேயே, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். தடித்த பகுதிக்கு இதுதான் மிகவும் பாதுகாப்பு. இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு, அது துளையைப் பற்றியதல்ல, கோணலைப் பற்றியது. அக்ரிலிக் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் நீளத்தில் பத்து லட்சத்தில் 81 பங்கு சுருங்கும். இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் தூரம் என்று கொள்வோம். 100 டிகிரியிலிருந்து 20-க்கு வந்தால் கணக்குப்படி 0.32 மில்லிமீட்டர் சுருக்கம்; 74-லிருந்து வந்தால் 0.22 மில்லிமீட்டர். நடைமுறையில் இந்த முழுச் சுருக்கமும் வெளியே தெரிவதில்லை. ஜிப்சம் அக்ரிலிக்கை விடக் குறைவாகச் சுருங்குவதால், அச்சு அக்ரிலிக்கை இழுத்துப் பிடித்து வைக்கிறது. சுருங்க முடியாமல் போன மீதி, உள் அழுத்தமாக பேஸுக்குள் தங்கிவிடுகிறது. பிளாஸ்கைத் திறந்ததும் அதில் ஒரு பகுதி விடுபடும், வடிவம் மாறும்.

கொதிக்கவே வைக்காமல் விட்டால் எஞ்சிய மோனோமர் கொஞ்சம் கூடும். அதனால் நீண்ட முறையிலும் கடைசியில் ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மேலே சொன்ன சுருக்க லாபத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். மேலே சொன்ன கீழ்த்தாடைக் கேஸுக்கு நான் எட்டு மணி நேரத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், கடைசிக் கொதிப்போடு. சராசரி தடிமனுள்ள மேல்தாடை டென்ச்சருக்கு மூன்று மணி நேரமே போதும்.

ஆனால் எந்த முறையானாலும் ஆறவைப்பதில் கெடுத்துவிடலாம். கொதிநீரிலிருந்து எடுத்த பிளாஸ்கைக் குழாய்க்கு அடியில் காட்டினால் வெளிப்பக்கம் முதலில் இறுகும், உள்பக்கம் பிறகு சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மேல்தாடை டென்ச்சரில் இது எங்கே தெரியும் என்றால், அண்ணத்தின் பின் விளிம்பின் நடுவில். பக்கங்கள் உள்ளே சுருங்கும்போது நடுப்பகுதி, வாயின் மாதிரியான காஸ்டை விட்டு மேலெழும்பும். பின்னால் காற்றடைப்பு போய்விடும், டென்ச்சர் வாயில் நிற்காது. மேசைமேல் அரை மணி நேரம், பிறகு குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் என்பது குறைந்தபட்சம். இரவு முழுக்கத் தண்ணீர்த் தொட்டியிலேயே தானாக ஆறவிடுவது இன்னும் நல்லது.

வெளிச்சூடு இல்லாமல் ரசாயனத்தால் இறுகும் கோல்டு க்யூர் இந்த ஒப்பீட்டில் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. பெரிய சூடு இல்லாததால் சுருக்கம் ஹீட் க்யூரின் சுருக்கத்தில் சுமார் பாதிதான், பொருத்தம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் எஞ்சிய மோனோமர் 3 முதல் 5 சதவீதம் வரை போகும். நன்றாக க்யூர் ஆன ஹீட் க்யூரில் அது 0.2 முதல் 0.5 சதவீதம்தான். பலமும் நிறமும் அடிபடும். இதிலும் துளைகள் வரும், ஆனால் காரணம் கொதிப்பு அல்ல, கலக்கும்போது சிக்கிய காற்றும் மோனோமரில் கரைந்திருந்த காற்றும். அதனால்தான் பிரஷர் பாட் என்ற அழுத்தப் பாத்திரத்தில் வைத்து இறுகவைக்கிறார்கள்.

மைக்ரோவேவுக்கென்று தனிப் பிசினும் உலோகமில்லாத பிளாஸ்கும் வேண்டும். வேகம் உண்டு, தடித்த பகுதியில் துளை அபாயமும் உண்டு.

க்யூரிங் முறையை மாற்றினாலும் போகாத துளைகளும் இருக்கின்றன. அவை உருண்டையாக இருக்காது; ஒழுங்கற்று, மேற்பரப்பிலும் மெல்லிய இடத்திலும் பரவிக் கிடக்கும். இது பேக்கிங்கின் கோளாறு. தனி மோனோமர் 21 சதவீதம் கன அளவில் சுருங்கும். கன அளவில் மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு மோனோமர் கலந்தால் அது 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதை ஈடுகட்டுவது அச்சுக்குள் அழுத்தி நிரப்பிய மாவுதான். நூல் இழுக்கும் நிலையிலேயே பேக் செய்தால் அது வழிந்து ஓடும், அழுத்தம் நிற்காது. ரப்பர் நிலையில் பேக் செய்தால் நுண்ணிய இடங்களுக்குள் போகாது. ஜாடிச் சுவரில் ஒட்டாமல் கையால் பிரித்தெடுக்க முடிகிற மாவு நிலையில் எடுத்து, பாலித்தீன் தாள் வைத்து ட்ரையல் க்ளோஷர் எனும் சோதனை மூடலைச் செய்யுங்கள். வெளியே பிதுங்கும் மிகை மாவான ஃபிளாஷை வெட்டிவிட்டு மீண்டும் மூடுங்கள், ஃபிளாஷ் வருவது நிற்கும் வரை. முதல் மூடலிலேயே ஃபிளாஷ் வரவில்லையென்றால் மாவு போதவில்லை என்று அர்த்தம்; சேர்த்துவிட்டு மறுபடி மூடுங்கள்.

நன்றாக வந்த டென்ச்சரையும் பிறகு கோணலாக்க முடியும். உள்ளே தங்கிய அழுத்தம் சூட்டுக்காகக் காத்திருக்கிறது. மெருகேற்றும்போது ஒரே இடத்தில் சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் போதும். உடைந்த ஹீட் க்யூர் டென்ச்சரை மீண்டும் ஹீட் க்யூர் பிசினால் ஒட்டிக் கொதிக்கவைத்தாலும் அதுவே நடக்கும். பலம் குறைவு என்று தெரிந்தும் ரிப்பேருக்கு மட்டும் கோல்டு க்யூரை எடுப்பது இதனால்தான்.