20 கீ பாட்டு, 15 கீ குரல்: பூம்பாறை பஜனையில் ஒரு மோகனப் பாட்டை இறக்கிப் பாடிய மூன்று வருட அனுபவம்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் பூம்பாறை இருக்கிறது. அங்கே மாதா மாதம் கிருத்திகைக்கு நடக்கும் பஜனையில் நான் ஹார்மோனியம் வாசிக்கிறேன். குழந்தை வேலப்பரைப் பற்றி மோகனத்தில் ஒரு பாட்டு உண்டு. அது இல்லாமல் எங்கள் பஜனை முடியாது. வெகுகாலம் அதைப் பாடியவர் என் அத்தை. ஆறு கட்டையில் எடுப்பார், மேல் ஸ்தாயி காந்தாரத்தில் போய் நிற்பார். அவருக்கு அப்புறம் பாட்டு ஓர் அக்காவிடம் வந்தது. பூண்டு வயலில் வேலை பார்ப்பவர், 60 வயதை நெருங்குகிறவர். சுருதி விலகாத நல்ல குரல், உச்சரிப்பும் சுத்தம். ஆனால் குரலின் எல்லை குறுகியது. அவருக்காக அந்தப் பாட்டை மாற்றி மூன்று வருடம் வாசித்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பாட்டின் பல்லவி இது:

குன்றேறி வந்தேனே குழந்தை வேலா

மந்திர ஸ்தாயி தைவதத்தில் தொடங்கி த ஸ ரி க என்று ஏறும் மெட்டு. 'குன்றேறி' என்ற சொல்லோடு சேர்ந்து சுரமும் குன்று ஏறுகிறது. சரணத்தில் 'மயிலேறி வருவாயே' என்ற இடம்தான் உச்சி. 'லே'யில் மேல் காந்தாரத்தைத் தொட்டு நின்று, ரி ஸ த என்று இறங்கும். கேட்கிறவர்கள் காத்திருப்பது அந்த இடத்துக்குத்தான்.

முதல் கிருத்திகையில் அதே ஆறு கட்டையில் எடுத்தோம். சரணம் வந்ததும் அக்கா நிறுத்திவிட்டார். "தம்பி, மேலே போறப்ப கழுத்து நரம்பு இழுக்குது, எனக்கு இது வேணாம்" என்றார். மேலே எட்டவில்லை என்றால் கீழே இறக்க வேண்டியதுதானே என்று அடுத்த மாதம் நாலு கட்டையில் வைத்தேன். மேல் காந்தாரம் சுலபமாக வந்தது. எனக்கும் சந்தோஷம். ஆனால் பல்லவி பேச்சாகிவிட்டது. வரி முடிவதற்கு முன்பே மூச்சு வாங்கினார், 'வந்தேனே' என்ற நீட்டல் பாதியில் அறுந்தது, பின்பாட்டுப் பாடுகிறவர்களின் சத்தமும் மெல்லத் தேய்ந்தது. மேலே எட்டாவிட்டால் யாருக்கும் உடனே தெரியும். கீழே எட்டாதது அப்படித் தெரியாது. பாடுகிறவர் அன்றைக்குக் களைப்பாக இருக்கிறார் என்று தோன்றும், அவ்வளவுதான். எனக்குப் புரிய நாலைந்து மாதம் ஆனது.

அப்புறம்தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்தேன். ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீயாக அழுத்தினேன். ஒவ்வொன்றிலும் 'ஆ' என்று நாலு எண்ணிக்கை நிற்கச் சொன்னேன். தொட்டுவிட்டு வருவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, நின்று காட்ட வேண்டும். தொடும் எல்லைக்கும் நிற்கும் எல்லைக்கும் மேலே இரண்டு மூன்று கீ வித்தியாசம் வந்தது. சிரமமில்லாமல் நின்றது கீழே ஐந்து கட்டையிலிருந்து மேலே ஆறு கட்டை வரை, அதாவது ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு முழு சுரமும். கருப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து 15 கீ. பாட்டை அதேபோல் எண்ணினேன். மந்திர தைவதம் முதல் மேல் காந்தாரம் வரை 20 கீ.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. எந்தக் கட்டையில் வைத்தாலும் 5 கீ வெளியேதான் நிற்கும். ஆறு கட்டையில் கீழே 1, மேலே 4. ஐந்து கட்டையில் கீழே 3, மேலே 2. நாலு கட்டையில் ஐந்தும் கீழே. சுருதியை மாற்றுவதால் அந்தக் குறை இடம் மாறுமே தவிர தீராது. அதனால் எந்தக் கட்டை என்பதோடு சேர்த்து, பாட்டில் எந்த சுரங்கள் வெளியே விழலாம் என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

ஐந்து கட்டையில் வெளியே விழுவது இரண்டே சுரங்கள்: மந்திர தைவதம், மேல் காந்தாரம். நடுவில் இருக்கும் அத்தனையும், மேல் ரிஷபம் உட்பட, குரலுக்குள் அடங்கிவிடும். ஐந்தரையில் வைத்தால் மேல் ரிஷபமும் போய்விடும். அதனால் ஐந்தை எடுத்துக்கொண்டேன். (ஐந்து கட்டையில் மோகனம் முழுக்க வெள்ளைக் கீதான். வாசிக்கிற எனக்கு அது ஒரு வசதி, ஆனால் தேர்ந்தெடுத்த காரணம் அது இல்லை.)

இடையில் ஒருவர் சொன்ன யோசனைப்படி, உச்சி வரும் வரியை மட்டும் ஒரு ஸ்தாயி இறக்கிப் பார்த்தோம். சுரம் எல்லாம் சரி, ராகமும் சரி. ஆனால் 'மயிலேறி' என்று சொல்லிக்கொண்டே குரல் பள்ளத்தில் இறங்கியது. அக்காவே, "இது நம்ம பாட்டு இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டார். ஒரே தடவையோடு விட்டோம்.

பல்லவியைச் சரிசெய்வது எளிதாக இருந்தது. த ஸ ரி க என்பதை ஸ ஸ ரி க என்று ஆக்கினேன். முதல் எழுத்து சட்ஜத்தில் நிற்கும், ஏற்றம் அங்கிருந்து தொடங்கும். தாளத்தில் எந்த எழுத்து எங்கே விழுந்ததோ அங்கேயே விழுகிறது, முடிவது அதே காந்தாரத்தில். மோகனத்துக்கு அந்தக் காந்தாரத்தில் நிற்பது உயிர், அதில் கை வைக்கக் கூடாது. நான் ஹார்மோனியத்தில் மட்டும் அந்தத் தைவதத்தைத் தொட்டுவிட்டு சட்ஜத்துக்கு வருகிறேன். பழைய பாட்டைத் தெரிந்தவர்கள் காதில் அது விழுகிறது.

சரணம்தான் வேலை வாங்கியது. ப த ஸ ரி க என்று ஏறி நின்ற இடத்தில் காந்தாரத்தை எடுத்துவிட்டு, மேல் சட்ஜத்தில் நின்று ரிஷபத்தில் முடிய வைத்தேன். எல்லா சுரமும் குரலுக்குள் இருந்தது. ஆனாலும் உச்சி என்ற உணர்வு வரவில்லை. ஏனென்று இரண்டு மாதம் புரியவில்லை. பிறகு அனுபல்லவியைத் திரும்ப வாசித்துப் பார்த்தபோது தெரிந்தது. அங்கே ஓரிடத்தில் மெட்டு மேல் ரிஷபத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. அத்தை பாடியபோது சரணம் அதைத் தாண்டி காந்தாரத்துக்குப் போனது, அதனால் உச்சி உச்சியாக இருந்தது. நான் உச்சியை ரிஷபத்துக்கு இறக்கியதும், அனுபல்லவியில் ஏற்கெனவே பார்த்த இடத்துக்கே சரணம் திரும்ப வந்து நின்றது. புதிதாக எதுவும் ஏறவில்லை.

அதனால் அனுபல்லவியில் அந்த ரிஷபத்தை எடுத்தேன். அங்கே மேல் சட்ஜத்தோடு திரும்பிவிட வேண்டும். இப்போது முழுப் பாட்டிலும் மேல் ரிஷபம் ஒரே இடத்தில்தான் வருகிறது, 'மயிலே'யில். எழுத்தையும் கொஞ்சம் நகர்த்தினேன். 'யி' சட்ஜத்திலேயே இருக்கட்டும், 'லே' மட்டும் ரிஷபத்துக்குப் போகட்டும் என்று வைத்தேன். அக்காவுக்கு மேலே இகரம் வந்தால் தொண்டை இறுகும், ஏகாரம் திறந்து வரும். அன்றைய கிருத்திகையில் அந்த இடம் வந்தபோது பின்பாட்டுக்காரர்கள் கேட்காமலே சத்தமாக வாங்கிக்கொண்டார்கள். சரியாக அமைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது அதை வைத்துத்தான்.

செய்யாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தை வழுக்கலாக்க பஞ்சமத்துக்கு முன் ஒரு மத்திமமோ, சட்ஜத்துக்கு முன் ஒரு நிஷாதமோ சேர்க்க ஆசை வரும். பாடுகிறவருக்குப் படி சின்னதாகும், சுகமாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒரு சுரத்தோடு மோகனம் போய்விடும். அக்கா களைத்திருக்கும் நாளில் அந்த நிஷாதம் தானாகவே எட்டிப் பார்க்கிறது. அப்படி வந்தால் அன்றைக்கு அரைக்கட்டை குறைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பாட்டுக்கும் இந்த வேலை தேவைப்படாது. குறிஞ்சி ராகத்தில் ஒரு தாலாட்டு வைத்திருக்கிறோம். அந்த ராகமே கீழ் நிஷாதத்துக்கும் மேலே தைவதத்துக்கும் நடுவில் அடங்குவது, மொத்தம் 11 கீ. அதை மத்திம சுருதியில், ஐந்து கட்டையின் மத்திமத்தைச் சட்ஜமாக வைத்துப் பாடினால் ஒரு சுரம்கூட மாற்றாமல் அக்கா குரலுக்குள் வந்துவிடுகிறது. மேல் சட்ஜத்தைத் தாண்டும் மோகனப் பாட்டுக்கு அந்த வழி உதவாது, உச்சி இன்னும் மேலே போய்விடும்.

மூன்று வருடத்தில் மாறாமல் தொந்தரவு கொடுப்பவை இரண்டு. ஒன்று மார்கழி அதிகாலை. அந்தக் குளிரில், தூங்கி எழுந்த குரலில் மேல் ரிஷபம் நிற்காது. ஆனால் அந்த நேரத்தில் குரல் கீழே கொஞ்சம் கூடுதலாக இறங்கும். அதனால் மார்கழியில் மட்டும் நாலரைக் கட்டை. இன்னொன்று ஆண்கள் குரல். ஆறு கட்டையில் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்து பாடியவர்களுக்கு ஐந்து கட்டையில் பல்லவி அடித்தொண்டைக்குப் போய்விட்டது, முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. இதற்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. பல்லவியைப் பெண்கள் வாங்க, சரணத்தை ஆண்கள் வாங்க என்று பிரித்திருக்கிறோம். அக்காவுக்கு ஏற்றபடி வைத்ததில் அவர்களுக்குப் பாதிப் பாட்டு போயிற்று. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

திருவிழாவில் கீபோர்டு சேரும்போது ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். போன தைப்பூசத்தில் வாசித்த தம்பி, ஆறு கட்டையில் கை பழகியவர் என்பதால் டிரான்ஸ்போஸை -2 என்று வைத்திருந்தார். மேடையில் என் விரலைப் பார்த்து ஐந்து கட்டையிலேயே வாசிக்கத் தொடங்கினார். பட்டனை மறந்துவிட்டார். சத்தம் நாலு கட்டையில் வந்தது. சுருதிப் பெட்டி ஐந்தில் ஒலிக்க, இரண்டும் ஒன்றோடொன்று மோதின. இப்போது தொடங்கும் முன் சுருதிப் பெட்டியை மட்டும் ஒலிக்கவிட்டு, கீபோர்டில் சட்ஜத்தை ஒரு தடவை அழுத்தச் சொல்கிறேன். இரண்டு சத்தமும் அலையாமல் ஒட்டினால் சரி.

அக்காவின் பேத்தி இப்போது பின்பாட்டுக்கு வருகிறாள். மேல் காந்தாரம் அவளுக்கு விளையாட்டாக வருகிறது. அக்கா 'லே'யில் ரிஷபத்தில் நிற்கும்போது அவள் மட்டும் காந்தாரத்தைத் தொட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். போன கிருத்திகையில் பாடவிட்டோம்.