துவைத்து முடித்தும் திறக்காத கதவு: பிளக்கா, பில்டரா, கயிறா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தி வீட்டு வாஷிங் மெஷின், முன்பக்கக் கதவு வகை. துவைத்து முடித்து 'End' என்று காட்டியது. கதவு மட்டும் அசையவில்லை. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்கலாம் என்றார் சித்தப்பா. கீழே பில்டரைத் திறக்கச் சொன்னாள் சித்தி. தம்பி கையில் கயிறோடு நின்றான்.

சித்தப்பா சொன்னதில் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. பல மெஷின்களின் பூட்டுக்குள் ஓர் ஈருலோகத் தகடு இருக்கும். மின்சாரம் பாயும்போது அது சூடேறி வளைந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் நின்று ஆறினால் விட்டுவிடும். அதற்கு ஒன்று முதல் மூன்று நிமிடம் ஆகலாம். அதற்குள் கைப்பிடியை இழுத்தால் உடைவது கைப்பிடிதான். ஆனால் சில மெஷின்களில், மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையிலிருந்து மின்துடிப்பு வந்தால்தான் பூட்டு விலகும். அங்கே பிளக்கை எத்தனை நேரம் பிடுங்கி வைத்தாலும் பயனில்லை. மீண்டும் செருகி, தண்ணீர் வெளியேற்றும் சுற்றை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால், உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று மெஷின் நினைக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது உண்மைதான். டிரம்முக்கு அடியில் நிற்கும் தண்ணீர் கதவுக் கண்ணாடியில் தெரியாது. சித்தி சொன்ன வழி இங்கேதான் வெல்கிறது. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். பிறகு பிளக்கை எடுத்துவிட்டு, கீழ்மூலை மூடியைத் திறந்து, தட்டையான தட்டு ஒன்றை வைத்து, பில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். தட்டு நிறைந்ததும் இறுக்கிவிட்டுக் கொட்டிவிட்டு வர வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் கூடம் குளமாகிவிடும். சித்தி வீட்டில் தட்டு மூன்று முறை நிறைந்தது. கடைசியில் பில்டரோடு வந்தவை கொலுசு முத்துகளும் ஒரு சட்டைப் பொத்தானும். ஊருக்கே கொலுசு செய்யும் பேட்டையில் இதைவிட வேறென்ன கிடைக்கும்! பம்பின் இறக்கையை அவைதான் தடுத்திருந்தன. பில்டரை மூடி, தண்ணீர் வெளியேற்றும் சுற்றை ஓட்டி முடித்ததும் பூட்டு 'டக்' என்று விலகியது.

சில மாடல்களில் அதே மூடிக்குப் பின்னால் அவசரத் திறப்பு வார் ஒன்று தொங்கும். தண்ணீரை வடித்துவிட்டு அதை மெல்லக் கீழே இழுத்தால் போதும். கயிற்றைத் தொடுமுன் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கயிற்று வழியும் வேலை செய்யும். பிளக்கை எடுத்துவிட்டு, மெல்லிய நைலான் கயிற்றைக் கதவுக்கும் உடலுக்கும் இடையே, பூட்டு இருக்கும் பக்கமாக நுழைத்து, இரு முனைகளையும் கீல் பக்கம் இழுத்தால் கொக்கி நகரும். ஆனால் எல்லாக் கதவிலும் கொக்கி நகராது. வலுவாக இழுத்தால் கொக்கி ஒடிந்து, கதவையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கடைசி வழியாக மட்டுமே சொல்வேன். மேல்மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விடும் வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. தகட்டு விளிம்பு கையைக் கிழிக்கும்.

தண்ணீர் முழுதும் வடிந்தும் பூட்டு விடவில்லையென்றால், நீர்மட்டம் உணரும் குழாயில் சோப்புக் கசடு அடைத்திருக்கலாம். அப்போது இல்லாத தண்ணீரை இருப்பதாக மின்னணுப் பலகை நினைக்கிறது. பில்டரை எத்தனை முறை திறந்தாலும் பயனில்லை.