மண் சாமி ஆற்றில் இறங்கிய கதை: பாதியில் நிற்கும் சீனச் சொலவடையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒருவன் நண்பனைத் தேடி வந்து கைமாற்று கேட்கிறான். நண்பன் "இல்லை" என்று சொல்லவில்லை. "நானே இப்போது ஆறு கடக்கும் மண் போதிசத்துவர்" என்கிறான். கேட்டவன் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுகிறான். ஆற்றில் இறங்கிய மண் சிலையால் தன்னையே காத்துக்கொள்ள முடியாது என்ற மறுபாதி, சீனம் பேசுகிற யாருக்கும் சொல்லாமலே காதில் விழும்.

இந்த வகைச் சொலவடைக்குச் சீனத்தில் ஷியேஹோவ்யூ என்று பெயர். "ஷியே" என்றால் ஓய்தல், "ஹோவ்" என்றால் பின், "யூ" என்றால் பேச்சு. பின்பாதி ஓய்ந்துபோன பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பாதி ஒரு படம், இரண்டாம் பாதி அதன் விளக்கம். அச்சில் போடும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட கோடு இருக்கும். வாய்ப்பேச்சில் அந்தக் கோட்டோடு நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம்.

நம் பள்ளிக்கூடத்துத் தமிழ்த் தேர்வில் "இலவு காத்த கிளி போல" என்று இடப்பக்கமும் "ஏமாற்றம்" என்று வலப்பக்கமும் போட்டுப் பொருத்தச் சொல்வார்களே, ஏறக்குறைய அந்த அமைப்புதான். நாமும் பேச்சில் இலவு காத்த கிளியை மட்டும் சொல்லிவிட்டு ஏமாற்றத்தைச் சொல்லாமல் விடுகிறோம். ஆகவே பாதியில் நிறுத்துவது தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. அந்தப் படம்தான் புதிது. மொழிபெயர்க்க உட்காரும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மண் போதிசத்துவரையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியாக நடந்து பார்க்கிறேன்.

முதல் வழி, இரண்டு பாதியையும் போட்டுவிடுவது. "நானே ஆறு கடக்கும் களிமண் போதிசத்துவர், என்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாது." பொருள் தவறில்லை, படமும் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் எதற்காகப் பாதியில் நிறுத்தினான்? நண்பனின் முகம் வாடாமல் கையை விரிக்கத்தான். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று அவன் விழுங்கியதை நாம் அவன் வாயிலேயே திணிக்கிறோம். மூலத்தில் பேசுபவர் இரண்டு பாதியையும் தானே சொல்லியிருந்தால் இந்த வழியில் கைவைக்க எனக்குத் தயக்கமே இல்லை. அவர் சொல்லாமல் விட்ட இடத்தில் மட்டும் இது உதவாது.

இரண்டாவது, பொருளை மட்டும் சொல்வது. "என் பாடே திண்டாட்டமா இருக்கு." நல்ல தமிழ், நாலே சொல். படத்தின் அடியில் ஓடுகிற வசன வரிக்கு இதைவிட வசதி கிடையாது. வரி திரையில் நிற்பது சில நொடிதான், அதற்குள் பார்ப்பவர் சாமியையும் ஆற்றையும் சேர்த்துக் கரைத்துப் பார்க்க அவகாசம் இல்லை. இழப்பு என்னவென்றால், நாவலில் ஒரு பாத்திரம் வாய்க்கு வாய் சொலவடையாகப் பேசும் கிழவராக இருந்தால், இந்த வழியில் அவர் மற்ற எல்லோரையும் போல ஆகிவிடுவார்.

மூன்றாவது வழியில்தான் அதிகம் சறுக்குகிறோம். ஒத்த பழமொழியைத் தேடி வைப்பது. மண், ஆறு என்றதும் "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியது போல" என்று கை தானாக எழுதும். மண்ணும் அதே, ஆறும் அதே, கரைவதும் அதே. ஆனால் நம் பழமொழியில் நட்டப்படுகிறவன் குதிரையை நம்பி ஏறியவன். சீனச் சொலவடையில் தவிப்பது மண் சாமியேதான். கடன் கேட்ட காட்சியில் இதை வைத்தால், "உன்னை நம்பி நான் மோசம் போனேன்" என்று வந்தவன் புலம்புவது போல ஆகிவிடும். பேசுகிற ஆளே மாறிப்போகிறார்.

அதனால் பழமொழிக்குப் பழமொழி வைக்கும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: அடி விழுவது யாருக்கு? இரண்டிலும் ஒரே ஆளுக்கு விழுந்தால் வைக்கலாம். கோழிக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போன மரநாய் என்று ஒரு சொலவடை உண்டு. மறுபாதி, மனதில் நல்ல எண்ணமில்லை. நம்மிடம் ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் இருக்கிறது. தின்ன நினைப்பவன் பரிவு காட்டுகிறான், ஆபத்து எதிரே இருக்கிற அப்பாவிக்கு. கச்சிதமாக உட்காரும்.

இன்னொன்று இவ்வளவு சுலபமில்லை. ஹுவாங்லியென் என்பது சீன மருத்துவத்தில் வரும் கடும் கசப்பான கிழங்கு. அதைத் தின்ற ஊமை, கசப்பை வெளியே சொல்ல முடியாது. உடனே நமக்கு "ஊமை கண்ட கனவு" ஞாபகம் வரும். ஆனால் கனவில் கசப்பு இல்லை. சீனத்தில் இதைச் சொல்வது ஒருவருக்கு அநியாயம் நடந்து, வாய் திறக்க வழியில்லாமல் விழுங்கும்போது. அந்த ஆள் தானும் ஏதோ தப்பில் கூட்டு என்பதால் வாய் திறக்க முடியவில்லை என்றால், "திருடனுக்குத் தேள் கொட்டியது போல" அச்சாகப் பொருந்தும். குற்றமே இல்லாத மருமகள் மாமியார் வீட்டில் பட்டதை அப்படிச் சொன்னால் அவளைத் திருடியாக்கிவிடுவோம். அங்கே கசப்பு மருந்து விழுங்கிய ஊமையையே வைத்துக்கொள்வது நல்லது. ஒரே சீனச் சொலவடைக்கு ஒரே நாவலில் இரண்டு இடத்தில் இரண்டு வேறு தமிழ் வரலாம், வரவும் வேண்டும்.

நான் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் நான்காவது வழி. படத்தை மட்டும் வைத்து, மறுபாதியை விட்டுவிட்டு, நம் ஊர்ப் பேச்சில் ஏற்கெனவே இருக்கிற "கதை" என்ற வாலைச் சேர்ப்பது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை. "கதை" என்று முடித்தாலே இதில் ஒரு உட்பொருள் இருக்கிறது, நீயே பிடித்துக்கொள் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். சீன அச்சில் அந்த நீண்ட கோடு செய்யும் வேலையைத் தமிழில் இந்த ஒரு சொல் செய்கிறது.

"என் நிலைமையே மண் சாமி ஆத்துல இறங்கின கதையா இருக்கு."

இதில் இரண்டு இடத்தில் கை வைத்திருக்கிறேன். போதிசத்துவரைச் சாமி ஆக்கியது ஒன்று. சீனத்தில் "பூசா" என்ற சொல் போதிசத்துவர் என்பதிலிருந்து சுருங்கியதுதான் என்றாலும், அன்றாடப் பேச்சில் பொதுவாகத் தெய்வச் சிலை எதற்கும் அதுவே பெயர். "களிமண் போதிசத்துவர்" என்றால் கடன் கேட்கும் காட்சிக்குள் திடீரென்று தத்துவ வாடை அடிக்கும். "சாமி"தான் சரியான எடை. இரண்டாவது, "கடக்கும்" என்பதை "இறங்கின" ஆக்கியது. கடப்பவர் அக்கரை சேர்ந்துவிடலாம். இறங்கியவரைப் பற்றித்தான் கவலை வரும்.

ஒரு சிக்கல் எனக்கு முதலில் தோன்றவில்லை. இதை என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "கரைக்கிறதுக்குத்தானே கொண்டு போறாங்க?" என்றார். விநாயகர் சதுர்த்திக்குப் பின் பிள்ளையாரைத் தண்ணீரில் விடுவது அவருக்கு முறைப்படியான வழியனுப்பல். மண் சாமி கரைவதில் அவருக்கு ஒரு துயரமும் இல்லை. சீனக் கோயில்களில் சுடாத களிமண்ணில் செய்து வண்ணம் பூசி வைக்கும் சிலை, கரைப்பதற்காகச் செய்ததில்லை. அதனால் "மண் சாமி தானா ஆத்தைத் தாண்டக் கிளம்பின கதை" என்று மாற்றிப் படித்தேன். "அடப்பாவமே, அது கரைஞ்சுல்ல போயிரும்" என்றார். மறுபாதியை அவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் எனக்கு அடிக்குறிப்பு எதற்கு?

எந்த வழியையும் முடிவு செய்வதற்கு முன் அடுத்த பத்து வரியைப் படித்துவிட வேண்டும். "அப்படின்னா படகுக்காரனைப் பிடி" என்று எதிரே இருப்பவர் பதில் சொல்லியிருந்தால், ஆறு இல்லாத மொழிபெயர்ப்பில் அந்தப் படகு எங்கிருந்து வந்தது என்று வாசகர் விழிப்பார். படம் பின்னால் தேவைப்பட்டால் இரண்டாவது, மூன்றாவது வழிகள் தாமாகவே கழன்றுவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் படத்தால் நிற்கிற சொலவடைகள். ஓசையால் நிற்கிற இன்னொரு வகை உண்டு, அங்கே கணக்கு வேறு. "மருமகன் விளக்கு ஏந்துகிறான்" என்பது ஒன்று. இங்கே மருமகன் சகோதரியின் மகன். மறுபாதி "ஜாவ் ஜியூ", தாய்மாமனுக்கு வெளிச்சம் காட்டுகிறான். "ஜியூ" என்பதற்கு அதே ஓசையில் "பழைய" என்ற பொருளும் உண்டு என்பதால் "வழக்கம் போலத்தான்" என்று ஆகிவிடுகிறது. தாய்மாமனுக்குத் தனிச்சொல் வைத்திருக்கும் தமிழில் உறவு புரிந்துவிடும், ஆனால் சிலேடை வராது. "கதை" வால் இங்கே பயன்படாது. மாமனையும் விளக்கையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் "வழக்கம் போல" என்பது தமிழ் வாசகருக்குத் தோன்றாது. மாற்றம் வரும் என்று நம்பி ஏமாந்த இடமாக இருந்தால் "பழைய குருடி கதவைத் திறடி" என்று வைத்துவிடுவேன். வெறுமனே நலம் விசாரித்ததற்குப் பதில் என்றால் "எப்பவும் போலத்தான்" போதும்.

ஓசைச் சொலவடையைப் படமாக மட்டும் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1970 டிசம்பரில் மாவோ அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவிடம் பேசும்போது "துறவி குடை பிடிக்கிறான்" என்ற சொலவடையைத் தன்னைப் பற்றிச் சொன்னார். மொட்டைத் தலை, அதனால் முடி இல்லை. குடை மறைப்பதால் வானம் இல்லை. "வூ ஃபா வூ தியென்". முடியைக் குறிக்கும் "ஃபா"வும் சட்டத்தைக் குறிக்கும் "ஃபா"வும் சுரத்தில் மட்டும்தான் வேறு. எனவே பொருள்: சட்டத்துக்கும் வானத்துக்கும் கட்டுப்படாதவன். பிறகு வெளிவந்த சீனப் பதிவில் மறுபாதியும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் 1971இல் லைஃப் இதழில் வந்த ஸ்னோவின் கட்டுரையில் அது, ஓட்டைக் குடையோடு உலகில் நடந்துபோகும் தனித்துறவி என்று ஆகியிருந்தது. யாருக்கும் அடங்கமாட்டேன் என்றவர், ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குத் தனிமையில் வாடும் ஞானியாகத் தெரிந்தார்.

தமிழில் இதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. "முடி" என்றால் நமக்குத் தலைமயிரும்தான், மன்னனின் மகுடமும்தான். "மொட்டைச் சாமியார் குடை பிடிச்ச கதைதான் நான். முடியும் கிடையாது, வானமும் கிடையாது" என்றால், தனக்கு மேலே அரசும் இல்லை தெய்வமும் இல்லை என்ற தொனி வந்துவிடுகிறது. நாவலில் ஒரு முரட்டுக் கிழவர் இதைச் சொன்னால் தயங்காமல் இப்படியே எழுதுவேன். மாவோவின் பேட்டிக்கு மட்டும் எழுதமாட்டேன். அவர் மறுத்தது சட்டத்தை; மகுடம் என்று வைத்தால் மன்னராட்சியைப் பற்றி ஏதோ சொன்னதாக ஆகிவிடும். அங்கே "எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவன் நான்" என்று நேராக எழுதிவிட்டு, துறவியையும் குடையையும் அடிக்குறிப்பில் வைப்பேன்.