பேராசிரியரின் பிரெஞ்சுக் கடிதத்தை மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பிரான்சில் படித்த பிள்ளை அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறது, பேராசிரியர் பரிந்துரைக் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை ஆங்கிலமாக்க கோவையில் ஆள் தேடுகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். காந்திபுரம் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா மகள் திருப்பூர்ப் பெண். துணிக்குச் சாயமேற்றும் வேதியியல் படித்தவள். பிரான்சில் முதுகலை முடித்தாள். கடைசிப் பருவத்தில் சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்குவது பற்றி ஆறு மாதம் ஆய்வகத்தில் வேலை செய்தாள். அவளை வழிநடத்திய பேராசிரியர் ஒரு பக்கத்தில் நல்ல கடிதம் எழுதினார். "எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. நீ மொழிபெயர்த்து அனுப்பு, இரண்டையும் நானே ஏற்றிவிடுகிறேன்" என்றார். நான் இங்கே பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. ஆனால் விண்ணப்பிப்பவரோ அவருடைய உறவினரோ செய்த மொழிபெயர்ப்பைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. அதனால்தான் வெளியில் கொடுத்தோம். பக்கத்துக்கு 1,500 ரூபாய், நோட்டரி முத்திரைக்குத் தனியாக 500. விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 15.

வந்த ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "சித்தி, எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க" என்றாள். மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தேன்.

பேராசிரியர் எழுதியது: வேலையில் முழுக் கவனம் கொண்டவர், சோதனைகளைக் கறாராகச் செய்பவர், எதிர்பார்த்த முடிவு வராதபோது காரணம் தேடியவர். ஆங்கிலத்தில் இருந்தது: "என் பணிக்காலத்தில் நான் கண்ட தலைசிறந்த மாணவி, பிறவி மேதை." மூலத்தில் இல்லவே இல்லாத வாக்கியம் அது. எதிர்பார்த்த முடிவு வராதது பற்றிய வரியைக் காணோம். ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுகிற வரியே அதுதான்.

இன்னொரு இடம் இன்னும் மோசம். தன் வகுப்பில் அவள் இரண்டாம் இடம் என்று அவர் எழுதியிருந்தார். ஒன்றாகச் சேர்ந்து படிக்கும் ஓர் ஆண்டு மாணவர் கூட்டத்தைப் பிரெஞ்சில் 'ப்ரோமோசியோன்' என்பார்கள். இவர்கள் அதை அப்படியே 'ப்ரோமோஷன்' என்று போட்டு, ஏதோ பதவி உயர்வில் இரண்டாவது என்பதுபோல ஆக்கிவிட்டார்கள். அவளுடைய மதிப்பெண் இருபதுக்கு 15.2. அதை 76 சதவீதம் என்று மாற்றியிருந்தார்கள். பிரான்சில் 10 வாங்கினால் தேர்ச்சி, 12 சுமாரான நல்லது, 14 நல்லது, 16 மிக நல்லது. 15 என்பது நம் ஊரில் 75 வாங்குவது போன்றதல்ல, அதைவிட மேல். மொழிபெயர்ப்பாளர் இருபதுக்கு 15.2 என்றே எழுதிவிட்டு, அடியில் 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு' என்று தனியாக அந்த அளவுகோலை ஒரு வரியில் விளக்கலாம். சதவீதமாக மாற்ற அவருக்கு உரிமை இல்லை. கணக்கு சரியாக இருந்தாலும் பொருள் தப்பாகிவிடுகிறது.

இதையெல்லாம் திருத்தலாம் என்று வையுங்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. பிரெஞ்சுக் கடிதத்தை ஸ்கேன் செய்து, பல்கலைக்கழகத்தின் சின்னத்தை மேலே ஒட்டி, பேராசிரியரின் கையெழுத்தை வெட்டி ஆங்கிலக் கடிதத்தின் அடியில் பதித்திருந்தார்கள். பார்ப்பவருக்கு அது மொழிபெயர்ப்பு என்றே தெரியாது. அவரே ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது போலத்தான் இருக்கும். அவர் சொல்லாத புகழ், அதற்குக் கீழே அவர் கையெழுத்து. போலி ஆவணம் என்பது இதுதான். பின்னால் கண்டுபிடித்தால் கிடைத்த இடத்தையே ரத்து செய்வார்கள். அந்தப் பெண்ணின் பெயர்தான் கெடும், கடைக்காரரின் பெயர் அல்ல.

நேரில் போய்க் கேட்டேன். "மேடம், அமெரிக்காக்காரனுக்கு இப்படி எழுதுனாத்தானுங்க புடிக்கும். பிரெஞ்சுக்காரங்க ரொம்ப அடக்கமா எழுதுவாங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சோம்" என்றார். பிரெஞ்சுப் பேராசிரியர்கள் அளந்து பேசுவார்கள், அமெரிக்கக் கடிதங்களில் புகழ்ச்சி தூக்கலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டுமென்றால் பேராசிரியர்தான் நிரப்ப வேண்டும். 'இரண்டாம் இடம்' என்ற வரியைச் சரியாக மொழிபெயர்த்திருந்தாலே போதும், அந்தப் பெண்ணுக்கு வேறு புகழ்ச்சி வேண்டியதில்லை. மொழிபெயர்த்தது யார் என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை. நோட்டரி முத்திரையைக் காட்டி, "இது போதுமுங்க" என்றார். பிரெஞ்சே தெரியாத நோட்டரியின் முத்திரை, மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்? பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். திருத்தித் தருகிறோம் என்று கொடுத்த பிரதியிலும் அதே கையெழுத்து.

அவள் பேராசிரியருக்கு நடந்ததை அப்படியே எழுதினாள். அவர் கோபப்படவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளரோடு தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை முழுநேரத் தொழிலாகச் செய்யும் ஒருவரைப் பிடித்தோம். கடிதம் பேராசிரியரிடமிருந்து நேராக அவருக்குப் போனது, ஆங்கிலம் நேராகப் பேராசிரியருக்கே திரும்பியது. எங்கள் கைக்கு வரவே இல்லை. பரிந்துரைக் கடிதம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுதான் பொருத்தம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அமெரிக்க விண்ணப்பத்தில் அவள் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தாள். பேராசிரியருக்கு ஆங்கிலம் எழுத வராதே தவிர படிக்க வரும். படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டு, மூலம், மொழிபெயர்ப்பு, சான்றுரை மூன்றையும் ஒரே பிடிஎஃப்பாக ஏற்றினார்.

சான்றுரை என்பது பெரிய விஷயம் இல்லை, அரைப் பக்கம்தான். எனக்கு இரு மொழிகளும் தெரியும், இது மூலத்துக்கு முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதி, தன் பெயர், முகவரி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார். காகிதத்தில் இருக்க வேண்டிய ஒரே புதிய கையெழுத்து அதுதான். பேராசிரியரின் கையெழுத்து இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் 'கையொப்பம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும். சின்னம் இருந்த இடத்திலும் அப்படித்தான். அதனால் கடைக்குப் போனதும் முதலில் பழைய மாதிரி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், பெயர்களை மறைத்தே காட்டட்டும். அதில் கையெழுத்துப் படம் ஒட்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். யார் மொழிபெயர்க்கப் போகிறார், சான்றுரையில் அவர் பெயர் வருமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தாலும் அப்படியே.

ஏற்கெனவே இப்படிச் செய்த கடிதம் உங்களிடம் இருந்து, இன்னும் அனுப்பவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அனுப்பியிருந்தால் முதலில் பேராசிரியரிடம் சொல்லுங்கள். அவர் தன் முகவரியிலிருந்தே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, சரியான பிரதியை மாற்றி வைக்கக் கேட்கட்டும். அவருடைய கையெழுத்து அந்தக் கடைக் கணினியில் இருக்கிறது என்பதையும் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். நாங்கள் தெரிவித்தோம்.