கணுக்கால் சுளுக்குக்கு அப்புறம் முதல்ல எது: பாக்ஸ் மேல குதிக்கிறதா, பாக்ஸ்லேர்ந்து கீழ குதிக்கிறதா?

ரெண்டும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பாக்ஸ் மேல குதிச்சா ரொம்ப உயரத்துலேர்ந்து விழுறதில்ல, அதனால லேண்டிங் அடி கம்மி, உந்துற வேலைதான் ஜாஸ்தி (இறங்கும்போது குதிக்காம நடந்து இறங்குங்க). என் ஓட்டு முதல்ல இதுக்குத்தான், அதுவும் ஒத்தக்கால்ல குதிகால் தூக்குறது நல்ல கால் அளவுக்கு வந்தப்புறம்.

கீழ குதிக்கிறது அடுத்த கட்டம். வாலிபால்ல பிளாக் போட்டு இறங்குறப்ப, பாஸ்கெட்பால்ல ரீபவுண்ட் எடுத்து இறங்குறப்பதான் பாதம் உள்பக்கம் மடங்குது, அதுக்குப் பழக்குறது இதுதான். 20 செமீ உயரம், ரெண்டு கால், சத்தமில்லாம இறங்கி முட்டியை மடக்கி அசையாம நிக்கணும், வெயிட் நல்ல கால் பக்கம் சாயுதான்னு வீடியோ எடுத்துப் பாருங்க, அப்புறம்தான் ஒத்தக்கால். மறுநாள் காலைல வீங்கியிருந்தா ஒரு கட்டம் பின்னாடி போயிடுங்க.