கொழிஞ்சாம்பாறைக் கரிசல் மண்ணும் கேரளத்து மண் பரிசோதனை ரிப்போர்ட்டும்

சித்தூர் தாலூகாவில் தென்னை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. கேரளத்தின் பெரும்பகுதி புளிப்பு மண், அதனால் உரக்கடையில் போய் நின்றாலே சுண்ணாம்பும் ராஜ்பாஸும்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், ஆனால் நம் பக்கம் கரிசல். சில வருடங்களாக மண் ரிப்போர்ட்டை வைத்தே உரம் போடுகிறேன், முதலில் பார்ப்பது பிஎச் மட்டும்தான்.

என் தோப்பில் அது 8.2. ஏழுக்கு மேலே போனாலே காரம், அப்புறம் சுண்ணாம்பு எதற்கு? ராஜ்பாஸும் வீண்தான். அது மணிச்சத்துள்ள பாறைத்தூள், புளிப்பு மண்ணில்தான் கரையும், இங்கே போட்டால் போட்டபடி கிடக்கும். மணிச்சத்து வேண்டுமென்றால் சூப்பர் பாஸ்பேட் வாங்குங்கள்.

அடுத்தது அளவு. ரிப்போர்ட்டில் அங்கக கார்பன் 0.42 சதவீதம், மணிச்சத்து ஹெக்டேருக்கு 38 கிலோ, சாம்பல் சத்து 330 கிலோ என்று இருந்தது. தழைச்சத்தை நேரடியாக அளப்பதில்லை, கார்பனை வைத்துத்தான் கணக்கு. கேரள வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்குப் பொது அளவு தழை 340, மணி 170, சாம்பல் 680 கிராம். இதை மண்ணின் வளத்துக்கேற்ப ஏற்றி இறக்க ஓர் அட்டவணை இருக்கிறது, அதன்படி எனக்குப் பொது அளவில் தழை 106 சதவீதம், மணி 25, சாம்பல் 37. உரமாக மாற்றினால் மரத்துக்கு யூரியா 780 கிராம், சூப்பர் 265 கிராம், பொட்டாஷ் 420 கிராம். பொது அளவுப்படி போனால் பொட்டாஷ் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் போயிருக்கும்.

பொட்டாஷைக் குறைக்கத்தான் முதலில் கை வரவில்லை, தென்னைக்குச் சாம்பல் சத்துதான் உயிர் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தென்னையில் இன்று செய்ததன் பலன் காயில் தெரிய மூன்று வருடமாவது ஆகும், அதனால் ஒரு வருடக் காயைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. இதுவரை என் தோப்பில் காய் குறையவில்லை, உரச்செலவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

யூரியாவை மட்டும் மேலாகத் தூவாதீர்கள். கார மண்ணில் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், வட்டப்பாத்தியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடி உடனே தண்ணீர் விடணும்.

ரிப்போர்ட் சரியாக இருக்க வேண்டுமென்றால் மண் எடுப்பது சரியாக இருக்கணும். உரம் போட்ட சூட்டோடு எடுத்தால் மணியும் சாம்பலும் ஏறிக் காட்டும், நீங்கள் அதை நம்பிக் குறைத்துவிடுவீர்கள். அடுத்த உரம் வைப்பதற்குச் சற்று முன்னால், பல மரங்களின் பாத்தியிலிருந்தும் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து உரம் போடுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். கரிசலும் செம்மண்ணும் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கமும் கிடக்கிற இடம் இது, அந்தக் கணக்கு இங்கே செல்லாது.